வராதவர் ஏன் சொல்லவில்லை?

காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை டாக்டர் இருப்பார் என்று ஒரு ஸ்கேன் சென்டரின் வாசலில் எழுதியிருக்கிறது. ஒருவருக்கு 20 நிமிடம் என்றால், அந்த நான்கு மணி நேரத்தில் 12 பேரைப் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனையில் ஒருவர் வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை. வரிசையில் அடுத்து நிற்பவர் வந்து கையை நீட்டுவார். அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் அது நடக்காது. கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனை, உரிய தகுதி பெற்று அந்தச் சென்டரின் அரசுப் பதிவில் பெயர் உள்ள மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். மற்ற ஸ்கேன்களையும் நம் ஊர்களில் பெரும்பாலும் டாக்டரே பார்க்கிறார். அதனால் விற்பனைக்கு உள்ள சரக்கே அவருடைய நேரம்தான். 9.40க்கு வரவேண்டியவர் வரவில்லை என்றால் அந்த 20 நிமிடத்தை எடுத்துவைத்து மாலையில் விற்க முடியாது.

நஷ்டம் சென்டருக்கு மட்டுமா? அதே நாளில் ஸ்கேன் கேட்டு போன் செய்த ஒருவருக்கு “இன்னைக்கு ஃபுல், நாளன்னைக்கு வாங்க” என்று பதில் போயிருக்கும். இடம் இருந்தது. இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பிரச்சினையின் முடிச்சு இருக்கிறது. ஒருவரால் வரமுடியாமல் போவதை எந்தச் சென்டராலும் தடுக்க முடியாது. காய்ச்சல் வரும், பஸ் கிடைக்காது, கூட வரவேண்டிய மகளுக்கு லீவு கிடைக்காது. ஆனால் வரமாட்டார் என்பது முந்தின நாள் மாலையே தெரிந்துவிட்டால் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். காலை 9.50க்குத் தெரிந்தால் பயனில்லை. ஆகவே செய்ய வேண்டிய வேலை, வராதவர்களை வரவைப்பது என்பதைவிட, வரமாட்டேன் என்பதை நேரத்தோடு சொல்லவைப்பது. ஞாபகமூட்டும் செய்தி, முன்பணம், நேரம் ஒதுக்கும் முறை ஆகிய மூன்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் எது எங்கே பலிக்கும் என்று புரியும்.

முதலில் பதிவேடு

எதையும் தொடங்குமுன் மூன்று மாதப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வராதவர் ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் போதும்: எத்தனை நாள் முன்பு பதிந்தார், என்ன ஸ்கேன், எந்தக் கிழமை எத்தனை மணி, பதிந்தது அவரா வேறு யாராவதா.

பெரும்பாலான இடங்களில் முதல் விவரமே நிறையச் சொல்லிவிடும். நாளைக்கு என்று பதிந்தவர் வருவார். பத்து நாள் கழித்து என்று பதிந்தவர் வருவது நிச்சயமில்லை. இடையில் வலி குறைந்துவிடுகிறது, அல்லது பொறுக்க முடியாமல் வேறு சென்டரில் எடுத்துவிடுகிறார். மூன்று இடத்தில் ரேட் விசாரித்து இரண்டு இடத்தில் பெயர் கொடுத்துவைப்பவரும் உண்டு. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போகிறார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மார்க் முர்ரே, கேத்தரின் டான்டாவ் இருவரும் 1990களில் கைசர் பெர்மனென்ட்டே மருத்துவமனைகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நாளின் கணிசமான பகுதியை முன்பதிவுக்கே கொடுக்காமல், அன்றன்று அழைப்பவர்களுக்கு என்று திறந்துவைத்தார்கள். நம் சென்டருக்கும் இது பொருந்தும். 12 இடங்களில் நான்கையாவது முந்தின நாள் மதியம் வரை பூட்டிவைத்தால், காத்திருக்கும் நாட்கள் குறையும். காத்திருப்பு குறைந்தால் வராமல் போவதும் குறையும்.

கிழமையும் மணியும் நம் ஊருக்கே உரிய கதை சொல்லும். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை. முதல் குழந்தைக்கான ஸ்கேன் அந்த நேரத்தில் விழுந்தால், போனில் “சரி” என்று சொன்ன குடும்பம் பிறகு மனம் மாறியிருக்கலாம். முகூர்த்த நாட்களில் ஊரே கல்யாணத்துக்குப் போயிருக்கும். நம்பிக்கை சரியா தவறா என்று வாதாடுவது வரவேற்பு மேசையின் வேலையில்லை. பதிவேடு அப்படிக் காட்டினால், “வெள்ளிக்கிழமை 11 மணி உங்களுக்குப் பரவாயில்லையாம்மா?” என்று பதியும்போதே கேட்டுவிடலாம்.

ஞாபகப்படுத்துவதைவிடக் கேட்பது

செல்பேசியில் ஒரு செய்தி அனுப்பினால் வருபவர் எண்ணிக்கை கூடும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியான ஒன்று. போன் செய்து சொல்வதற்கும் குறுஞ்செய்திக்கும் பலனில் பெரிய வித்தியாசமில்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. செய்தியின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு சோதனை நல்ல பாடம். 2015இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான ஞாபகச் செய்தி பெற்றவர்களில் 11.1 விழுக்காட்டினர் வரவில்லை. நீங்கள் வராவிட்டால் அரசு மருத்துவச் சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு செலவாகிறது என்று தொகையோடு சொன்ன செய்தி பெற்றவர்களில் அது 8.4 விழுக்காடாகக் குறைந்தது. செய்தி அனுப்பும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதே வாசகத்தை நம் ஊர்த் தனியார் சென்டர் அனுப்பினால் எடுபடாது. “எங்களுக்கு நஷ்டம்” என்றால் வாடிக்கையாளர் ஏன் கவலைப்பட வேண்டும்? “இந்த நேரத்துக்கு இன்னொருவர் காத்திருக்கிறார். வர இயலாவிட்டால் இன்று மாலை 6 மணிக்குள் சொல்லுங்கள்” என்பது கொஞ்சம் உறைக்கும். உண்மையில் யாராவது காத்திருக்கும் நாளில் மட்டும்தான் அப்படி எழுத வேண்டும்.

செய்தியின் உயிர் அதில் பதில் சொல்ல வழி இருப்பதில்தான். “நாளை 9.40க்கு உங்கள் ஸ்கேன், மறக்காமல் வரவும்” என்ற செய்தி படிக்கப்படும், அப்படியே விடப்படும். வாட்ஸ்அப்பில் ‘வருகிறேன்’, ‘நேரம் மாற்ற வேண்டும்’, ‘வரவில்லை’ என்று மூன்று பொத்தான் வைத்தால் ஒரு தட்டில் வேலை முடிந்துவிடும். சாதாரண போன் வைத்திருப்பவருக்கு நம் மக்கள் நன்றாகப் பழகிய மிஸ்டு கால் போதும்: வர முடியாதவர் இந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் சென்டரிலிருந்து திரும்ப அழைப்பார்கள். வரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். பேச வேண்டிய அவசியமே இல்லை என்றால் அந்த வெட்கம் குறுக்கே நிற்காது.

எப்போது அனுப்புவது என்பதற்கும் காரணம் உண்டு. மூன்று நாள் முன்பு ஒன்று: லீவு போடவும், துணைக்கு ஆள் பார்க்கவும் அவகாசம் தரும். முந்தின நாள் பிற்பகலில் ஒன்று: ரத்தான இடத்தை நிரப்பச் சென்டருக்கு அவகாசம் தரும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே தயாரிப்பையும் சொல்லிவிடும். வயிற்று ஸ்கேனுக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். பித்தப்பை விரிந்திருந்தால்தான் உள்ளே கல் இருப்பது தெளிவாகத் தெரியும், சாப்பிட்டால் அது சுருங்கிவிடும். அடிவயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டு, “காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டேன் டாக்டர்” என்று சொல்பவரும் கணக்கில் ஒரு காலி இடம்தான். இவர்களைத் தனிப் பத்தியில் எழுதிப் பார்த்தால் பல சென்டர்கள் திடுக்கிடும்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70 மட்டும். அதிலும் ‘நே’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, செல்பேசிக் கணக்கில் இரண்டு. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். செய்தியின் வாசகத்தையும் டிராய் விதிப்படி முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், பெயர், நாள், மணி போன்ற இடங்கள் மட்டுமே மாறலாம். எனவே முதலிலேயே சுருக்கமாக எழுதிப் பதிவது நல்லது.

இரண்டு எச்சரிக்கை. கொடுக்கப்பட்ட எண் நோயாளியுடையதா என்று கேட்க வேண்டும். பெரியவர்களுக்குப் பதியும்போது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடைய எண் ஏறிவிடுகிறது. செய்தி அங்கே போகிறது, அப்பா இங்கே காலையில் காபி குடித்துவிடுகிறார். அடுத்தது, பரிசோதனையின் பெயரைச் செய்தியில் எழுதாமல் இருப்பது. ஒரே போனை வீட்டில் நாலு பேர் பார்ப்பார்கள். எச்ஐவி பரிசோதனையோ கர்ப்ப ஸ்கேனோ அதில் தெரியக் கூடாது. நாள், மணி, சாப்பிடலாமா கூடாதா என்பது போதும்.

முன்பணம் யாரிடம், எதற்கு?

அடுத்து எல்லோருக்கும் தோன்றும் யோசனை, பணத்தை முன்னாலேயே வாங்கிவிடலாம் என்பது. யூபிஐ வந்தபின் 100 ரூபாய் வாங்குவது எளிதாகிவிட்டது. ஆனால் பணம் புகுந்தவுடன் மனிதர்களின் கணக்கும் மாறிவிடும்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் உரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செய்த சோதனை இதற்குப் பேர்போனது. மாலையில் தாமதமாக வந்து குழந்தையை அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்று முன்பு உறுத்தியது, காசு கட்டிய பிறகு உறுத்தவில்லை. 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அதைத்தான் சொல்கிறது.

முன்பணத்திலும் இந்த ஆபத்து உண்டு. “நூறு ரூபாய் போனால் போகிறது” என்று ஒருவர் நினைத்துவிட்டால், வரமாட்டேன் என்று சொல்லும் கடமையும் தீர்ந்துவிட்டதாக நினைப்பார். அதனால் விதியை வேறுமாதிரி எழுத வேண்டும். வந்தால் முன்பணம் பில்லில் கழியும். முந்தின நாள் மாலை 6 மணிக்குள் சொன்னால் முழுப்பணமும் திரும்பும், அல்லது புதிய தேதிக்கு மாறும். ஒரு வார்த்தையும் சொல்லாமல் வராவிட்டால் மட்டும் போகும். இப்படி இருந்தால் பணம் திரும்பப் பெறுவதற்காகவாவது அவர் போனை எடுப்பார். சென்டருக்கு வேண்டியது அந்த போன்தான்.

திருப்பிக் கொடுப்பதில் இழுத்தடித்தால் எல்லாம் கெட்டுவிடும். “மேனேஜர் வரட்டும்” என்று ஒருமுறை சொன்னால் அந்தக் குடும்பமும் அக்கம்பக்கமும் அடுத்த தடவை வேறு சென்டருக்குப் போகும். விதியைத் தமிழில் ரசீதிலேயே அச்சிட்டு, வரவேற்பில் இருப்பவரே யாரையும் கேட்காமல் திருப்பித்தர அதிகாரம் கொடுத்துவிட வேண்டும்.

எல்லோரிடமும் வாங்கத் தேவையில்லை. டாக்டரின் நேரத்தை அதிகம் எடுக்கும் ஸ்கேன், ஞாயிற்றுக்கிழமை போன்ற போட்டி மிகுந்த நேரம், சொல்லாமல் இருமுறை தவறியவர் என்று மூன்று வகைக்கு மட்டும் வாங்கினால் போதும். முதல்முறை வருபவர், அவசரமாக அனுப்பப்பட்டவர், யூபிஐ இல்லாத முதியவர் ஆகியோரிடம் கேட்டால் அவர்கள் ஸ்கேனையே தள்ளிப்போடுவார்கள்.

முன்பணம் முற்றிலும் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. புற்றுநோய்க்கான பெட் ஸ்கேனில் உடலில் செலுத்தப்படும் மருந்தில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதன் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். சைக்ளோட்ரான் உள்ள இடத்திலிருந்து அன்றைய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருந்து வரவழைக்கிறார்கள். 9 மணிக்கு உரியவர் வராவிட்டால் பகல் 12.40க்கு அவர் பங்கு மருந்தில் கால் பங்கு வீரியம்தான் மிஞ்சும். இங்கே முன்பணத்தோடு, மருந்துக்கு ஆர்டர் கொடுக்குமுன் போனில் ஒரு முறை உறுதி செய்வதும் அவசியம்.

பதின்மூன்றாவது பெயர்

ஞாபகச் செய்தியும் முன்பணமும் போக, ஓரிருவர் வராமல்தான் போவார்கள். அதைச் சமாளிக்கக் கூடுதலாகப் பெயர் பதிவது விமான நிறுவனங்களின் பழைய வழக்கம். ஸ்கேன் சென்டரில் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

நூறு பேரில் 85 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 பேருக்குப் பதிந்தால் சராசரியாகப் பத்துப் பேர் வருவார்கள். 13 பேருக்குப் பதிந்தால் பதினொருவர். பதின்மூவரும் வந்து நெரிசலாகும் வாய்ப்பு 12 விழுக்காடு, அதாவது மாதத்தில் மூன்று நாள். பொறுத்துக்கொள்ளலாம். ஆசைப்பட்டு 14 பேருக்குப் பதிந்தால்? இடத்தைவிட ஆள் அதிகமாகும் வாய்ப்பு ஒரே தாவலில் 36 விழுக்காடாகிறது. மாதத்தில் ஒன்பது நாள் கூடத்தில் சண்டை நடக்கும்.

இப்போது ஞாபகச் செய்தி நன்றாக வேலை செய்து, நூற்றுக்கு 95 பேர் வரத் தொடங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். பழைய நினைப்பில் 13 பேருக்கே பதிந்துகொண்டிருந்தால், பதின்மூவரும் வரும் வாய்ப்பு 51 விழுக்காடு. இரண்டு நாளுக்கு ஒரு நாள் நெரிசல். செய்தி அனுப்பும் முறை பலித்ததே புதுத் தலைவலியாகிவிடும். பல இடங்களில் இந்த இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் பார்ப்பதால், ஏன் திடீரென்று கூட்டம் அலைமோதுகிறது என்று யாருக்கும் விளங்குவதில்லை. வராதவர் விகிதத்தை மாதாமாதம் பார்த்து, கூடுதல் பெயரைக் குறைக்க வேண்டும் அல்லது எடுத்துவிட வேண்டும்.

பதின்மூன்றாவதாக யாரைப் போடுவது என்பதில்தான் அனுபவம் தெரியும். வெறும் வயிற்றோடு வந்த சர்க்கரை நோயாளியைக் காக்கவைக்கக் கூடாது, அவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அவரை 9 மணிக்கே பார்த்துவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அரை மணி நேரம் காக்கவைப்பது கொடுமை. தயாரிப்பு எதுவும் தேவைப்படாத கழுத்து ஸ்கேன், காலின் ரத்தநாள ஸ்கேன் போன்றவற்றுக்கு வருபவர்தான் கூடுதல் பெயருக்குப் பொருத்தமானவர். ரத்தாகும் இடத்தை நிரப்பக் காத்திருப்போர் பட்டியலும் இவர்களிலிருந்தே வர வேண்டும். அரை மணி நேரத்தில் வந்துசேரக்கூடிய உள்ளூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

கூடுதல் பெயரை நாளின் எந்த இடத்தில் வைப்பது? நார்மன் பெய்லி என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் 1952இல் மருத்துவமனை வரிசைகளை ஆராய்ந்து ஒரு எளிய விதி சொன்னார்: தொடக்க நேரத்துக்கு இரண்டு பேரை வரச்சொல்லுங்கள், மற்றவர்களைச் சராசரி நேர இடைவெளியில் வரச்சொல்லுங்கள். முதல் ஆள் தாமதமானாலும் டாக்டர் சும்மா இருக்கமாட்டார். காலியாகும் இருபது நிமிடங்களில் காலையில் காலியாவதுதான் மோசமானது. அங்கே விட்டதைப் பிடிக்க முடியாமல் மற்றவர்களும் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

கணினி இப்போது யார் வரமாட்டார் என்று முன்கூட்டியே ஊகித்து, அவருடைய நேரத்திலேயே இன்னொருவரையும் போட்டுவிடும். இதில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. மூன்று பஸ் மாறிவரும் கிராமத்து ஏழைதான் அடிக்கடி தவறுபவர் என்று பதிவேடு சொல்லும். அவர் அன்று வந்துவிட்டால், இருவர் போட்டியிடும் நேரத்தில் காத்துக் கிடப்பவரும் அவரே. அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு இப்படி நேர்வதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவருக்கு முதல் பஸ் வந்துசேரும் நேரத்தைக் கேட்டு அதன்படி இடம் கொடுத்தால் ஊகமே தேவைப்படாது.

எதை அளப்பது?

ஒரே மாதத்தில் மூன்றையும் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாது. ஆடி, தீபாவளி, பொங்கல் வாரங்களின் ஏற்ற இறக்கமும் குழப்பும். பதிவு எண் ஒற்றைப்படையில் முடிபவர்களுக்குப் புதிய செய்தி, இரட்டைப்படைக்குப் பழைய செய்தி என்று நான்கு வாரம் அனுப்பினால் அதே பண்டிகை இருபக்கமும் இருக்கும், வித்தியாசம் செய்தியினால் வந்தது என்று நம்பலாம். பார்க்க வேண்டிய எண்கள் நான்கு: சொல்லாமல் வராதவர், சொல்லி ரத்து செய்தவர், ரத்தானதில் நிரம்பிய இடம், வந்தவர்கள் காத்திருந்த நேரம். முதல் எண் குறைந்து இரண்டாவது ஏறினால் அது தோல்வியல்ல, நினைத்தபடியே நடக்கிறது. முதல் எண் குறைந்து நான்காவது ஏறினால் கூடுதல் பெயர் அதிகமாகிவிட்டது.

இந்த எண்களுக்குள் அடங்காத ஒரு கூட்டம் இருக்கிறது. கருவின் கழுத்துப் பின்பக்க நீர் அளவைப் பார்க்கும் ஸ்கேன் 11 வாரம் முடிந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். அதற்கு வராத பெண்ணுக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்தால் காலம் கடந்திருக்கலாம். மார்பில் கட்டி என்று டாக்டர் அனுப்பியவர் வராமல் போனால், மறதி காரணமாக இருக்காது. முடிவு என்ன வருமோ என்ற பயமாக இருக்கலாம். இவர்களுக்கு முன்பணமும் பொத்தானும் உதவாது. அன்றே ஒரு மனிதக் குரல் போனில் பேச வேண்டும், அனுப்பிய டாக்டருக்கும் தகவல் போக வேண்டும். செய்தியும் கணக்கும் மற்ற பெயர்களைப் பார்த்துக்கொள்வதால், இந்த இரண்டு அழைப்புகளுக்கு வரவேற்பில் இருப்பவருக்கு நேரம் மிஞ்சும்.